அடி அடுக்கில் ஒரு நீலம்

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்குத் திரையில் இருந்த பெட்டி சிவப்பாகவே இருந்தது. பச்சையாகு என்று பெரியவள் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். அது கேட்கவில்லை.

கணினி கூடத்தில், ஜன்னலோரம், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டுக்கு அது ஒன்றுதான். அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே கடவுச்சொல். அம்மா தலையணை உறைகளுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மிஷின் ஓடும்போதெல்லாம் திரை லேசாக நடுங்கியது.

"சின்னவ இன்னும் வரலையே" என்றாள் அம்மா.

"வருவா. ஆபீஸைத் தூக்கி நிறுத்திட்டு வருவா."

அம்மா சிரித்தாள். பெரியவள் பெருமையாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பெரியவள் கோப்பைச் சேமித்தாள். யோசிக்காமல் செய்கிற காரியம் அது. எதை எழுதினாலும் சேமித்துவிட்டுத்தான் அடுத்ததைப் பார்ப்பாள். ஒன்பது வருடப் பழக்கம்.

அவள் வேலை பார்த்தது பதினான்கு பேர் கொண்ட நிறுவனம். பிறருக்கு இணையதளம் கட்டிக் கொடுக்கிற தொழில். மூன்றாம் மாடி, லிஃப்டில் இருவருக்குத்தான் இடம். அவர்களுக்குச் சோறு போட்டது ஒரு மருத்துவமனையின் தளம். நோயாளிகள் அதில் டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக்கொள்வார்கள். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தத் தளத்தின் ஸ்டைல்ஷீட்டில் முதல் வரியை எழுதியவள் பெரியவள்.

ஸ்டைல்ஷீட் என்பது இணையப் பக்கத்துக்கு உடை உடுத்துகிற கோப்பு. எந்த எழுத்து எவ்வளவு பெரிது, எந்தப் பொத்தான் என்ன நிறம் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரே பொத்தானுக்கு இரண்டு வரிகள் இரண்டு நிறம் சொன்னால், எது அந்தப் பொத்தானை இன்னும் குறிப்பாகச் சுட்டுகிறதோ அது ஜெயிக்கும். 'பொத்தான்' என்று மட்டும் சொல்கிற வரியை, 'படிவத்துக்குள் இருக்கும் பொத்தான்' என்கிற வரி ஜெயிக்கும். அதையும், 'இன்ன பெயர் கொண்ட பகுதியில், படிவத்துக்குள் இருக்கும் பொத்தான்' என்கிற வரி ஜெயிக்கும். இரண்டும் சமம் என்றால் பின்னால் எழுதியது.

அதனால் ஒவ்வொரு புது வரியும் பழைய வரியைவிடக் கொஞ்சம் நீளமாக வேண்டியிருந்தது. வருடா வருடம் நீளம் ஏறியது. நீளமும் போதாமல் போனபோது வரியின் கடைசியில் 'இம்பார்ட்டன்ட்' என்று எழுதினாள். அந்தச் சொல் ஒட்டிய வரி, ஒட்டாத வரிகள் எல்லாவற்றையும் ஜெயிக்கும். மானம் போகிற அவசரத்தில் மட்டும் தொடுகிற சொல். பதினான்காயிரம் வரிகளில் முந்நூற்றுப் பதினெட்டு இடங்களில் அது இருந்தது. மருத்துவமனைக்காரர்கள் எங்கிருந்தோ ஒரு நாள்காட்டியை வாங்கி ஒட்டி, அது தளத்தின் பொத்தான்களுக்கெல்லாம் ஆரஞ்சு பூசிய வாரம் ஒன்று. யாரோ மேலாளரின் பிறந்தநாளன்று தலைப்பு இடம்பெயர்ந்து நின்றது ஒன்று. ஒவ்வொன்றும் எந்த நாள் வந்தது என்று கேட்டால் சொல்வாள். யாரும் கேட்டதில்லை.

சின்னவளை அங்கே கொண்டுபோய் விட்டவளும் அவள்தான். எட்டு மாதத்துக்கு முன்னால் தங்கையின் விண்ணப்பத்தைத் தன் கையாலேயே மேலாளரிடம் கொடுத்து, எனக்காகப் பாருங்க சார் என்றாள். மேலாளர் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் மாதம் அவர் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு சின்னவளின் மேஜைக்கு வந்து பேச ஆரம்பித்தார். பெரியவளிடம் பேச வேண்டுமென்றால் ஒன்பது வருடமாக வாசலில் நின்று கை காட்டுவார்.

தளத்தைச் சோதித்துத் தவறு கண்டுபிடிக்கிறவருக்கு ஆபீஸில் பூதக்கண்ணாடி என்று பெயர். அவர் ஒருநாள் சாப்பாட்டு மேஜையில், உங்க தங்கச்சி வந்ததிலேர்ந்து சார் சட்டைக்கு இஸ்திரி போடறாருங்க என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள், தாடை வலித்தது. சட்டைக்கும் இஸ்திரிக்கும் அவள் கவலைப்படவில்லை. நாற்காலிதான் உறுத்தியது.

அடுக்குகளைப் பற்றிச் சின்னவள் பேசியது போன மாதக் கூட்டத்தில். வெள்ளைப் பலகையில் ஒன்றின் மேல் ஒன்றாக நாலு கோடு போட்டாள். அடியில் பழைய கோப்பு. அதற்கு மேல் அடிப்படை. அதற்கு மேல் பாகங்கள். உச்சியில் திருத்தங்கள். இந்த நாலு பெயரையும் ஸ்டைல்ஷீட்டின் முதல் வரியில் இதே வரிசையில் எழுதிவிட்டால் போதும், பிரவுசர் முதலில் அடுக்கைத்தான் பார்க்கும் என்றாள்.

"மேல் லேயர்ல குட்டியா ஒரு வரி இருந்தா போதும் சார். கீழ இருக்கறது முழ நீளம் இருந்தாலும் தோத்துடும். யாரு நீளம்ங்கற சண்டை ஒரே லேயருக்குள்ளதான் வரும்."

அடி அடுக்குக்கு அவள் 'ஓல்டு' என்று பெயர் எழுதியிருந்தாள். பெரியவளின் பதினான்காயிரம் வரியும் அதற்குள்.

மேலாளர் பலகையை ரொம்ப நேரம் பார்த்தார். ஒன்பது வருஷமா நமக்கு இது ஏன் தோணலை என்றார். நமக்கு என்று சொல்லும்போது அவர் கண் பெரியவள் பக்கம் வந்துபோனது. அவள் தொடங்கிய காலத்தில் எந்தப் பிரவுசரிலும் அப்படி ஒரு வசதி கிடையாது. யாராவது அதைச் சொல்வார்கள் என்று காத்திருந்தாள். யாரும் சொல்லவில்லை. தானாகச் சொன்னால் சாக்கு மாதிரி இருக்கும் என்று அவளும் வாயைத் திறக்கவில்லை.

அதே கூட்டத்தில்தான் மேலாளர் அந்த இன்னொரு செய்தியையும் சொன்னார். மருத்துவமனையின் பதினோரு கிளைகளுக்கும் தளம் நம்மிடமே வருகிறது. ஐந்து பேர் கொண்ட குழு. அதற்கு ஒரு தலைமை. வியாழக்கிழமை மருத்துவமனைக்காரர்கள் வந்து புது அமைப்பைப் பார்த்த பிறகு யார் என்று சொல்கிறேன் என்றார்.

அந்த இடம் இல்லாத காலத்திலேயே பெரியவள் அதற்காகக் காத்திருந்தாள். இப்போது இடம் வந்துவிட்டது. அதில் உட்காருகிறவளின் தலைமுடி தெரிகிற மாதிரி இருந்தது, சின்னவளின் முடி.

இன்று மாலை நாலு மணிக்குச் சின்னவள் தன் மாற்றத்தைச் சரிபார்க்க அனுப்பினாள். யார் எழுதிய நிரலானாலும் இன்னொருவர் படித்து ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே போகும். ஸ்டைல்ஷீட் என்றால் படிக்கிறவள் பெரியவள். குறிப்பில் சின்னவள் எழுதியிருந்தாள்: பழைய கோப்பில் கை வைக்கவில்லை, அப்படியே அடி அடுக்கில் ஏற்றியிருக்கிறேன், இனி அதனால் எதையும் ஜெயிக்க முடியாது.

கடைசி வாக்கியத்தை மூன்று தடவை படித்தாள்.

அப்போதுதான் அந்த முந்நூற்றுப் பதினெட்டு ஞாபகம் வந்தது. இம்பார்ட்டன்ட் என்றால் அடுக்குகளின் வரிசை தலைகீழாகும் என்று எங்கோ படித்திருந்தாள். நிச்சயமில்லை. ஆபீஸில் சோதித்துப் பார்க்கவில்லை. பையை மாட்டிக்கொண்டு ஐந்தரைக்கே கிளம்பிவிட்டாள்.

வீட்டுக் கணினியில் ஒரு சின்னப் பக்கம் எழுதினாள். இரண்டு அடுக்கு, ஒரு பெட்டி. அடி அடுக்கில் பெட்டி சிவப்பு, இம்பார்ட்டன்ட். மேல் அடுக்கில் பச்சை. பெட்டி சிவப்பாக வந்தது. அது எதிர்பார்த்ததுதான். பச்சைக்கும் இம்பார்ட்டன்ட் போட்டாள். சிவப்பு. பச்சையை எல்லா அடுக்குக்கும் வெளியே எடுத்து வைத்தாள். அடுக்கில் சேராத வரி எல்லா அடுக்கையும் ஜெயிக்கும் என்பது விதி. இம்பார்ட்டன்ட்டோடு வைத்தாள். சிவப்பு.

அதற்கப்புறம் விதியைத் தேடிப் படித்தாள். சாதாரண வரிகளில் மேல் அடுக்கு ஜெயிக்கும். இம்பார்ட்டன்ட் போட்ட வரிகளில் அடி அடுக்கு ஜெயிக்கும். கீழே இருக்கிறவனுக்கும் விட்டுக்கொடுக்க முடியாதது என்று சிலது இருக்குமே, அதை அவன் காப்பாற்றிக்கொள்ள அந்த ஏற்பாடு. சின்னவள் அடக்கி வைத்ததாக நினைத்த முந்நூற்றுப் பதினெட்டு வரிகளையும் தன் கையாலேயே சிம்மாசனத்தில் ஏற்றியிருந்தாள்.

பெரியவளுக்கு முதலில் வந்தது சிரிப்பு.

இரண்டாவதாக, சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஒப்புதல் பக்கத்தைத் திறந்து, அந்தக் குறிப்புக்குக் கீழே தட்டச்சு செய்தாள்: ஒரு நிமிஷம், இம்பார்ட்டன்ட் இருக்கிற வரிகளுக்கு இது தலைகீழாக வேலை செய்யும், பார்.

வாசலில் செருப்பு கழற்றும் சத்தம். சின்னவள் பேசிக்கொண்டேதான் உள்ளே வருவாள். சார் அவளை வண்டியில் முனை வரைக்கும் கொண்டுவந்து விட்டாராம். வழியெல்லாம் பதினோரு கிளையைப் பற்றித்தான் பேச்சாம். அம்மா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பெரியவள் பேசும்போது அம்மா மிஷினை நிறுத்துவதில்லை.

"பயப்படாதக்கா" என்றாள் சின்னவள், துப்பட்டாவை நாற்காலியில் எறிந்து. "நான் லீடா வந்தாலும் உன்னை விரட்ட மாட்டேன். பழைய ஃபைலை நீயே வெச்சுக்கோ. ஓல்டு லேயருக்கு நீதான் மகாராணி."

அம்மா சிரித்தாள். விளையாட்டுதான். சின்னவளுக்கு மனதில் விளையாட்டைத் தவிர வேறெதுவும் இருந்ததே இல்லை. சிறுவயதில் பெரியவளின் பென்சில் டப்பாவை எடுத்துக்கொண்டு போனபோதும் அப்படித்தான்.

"ரிவ்யூ பாத்துட்டியா?"

பெரியவள் தட்டச்சு செய்ததை அழித்தாள். பின்னோக்கி, ஒவ்வொரு எழுத்தாக. ஒப்புதல் பொத்தானை அழுத்தினாள். மணி ஏழு ஐந்து.

"பாத்தேன். நல்லா இருக்கு."

"நிஜமா?"

"நிஜமாதான்டீ."

சின்னவள் பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் கன்னம் குளிர்ந்திருந்தது. பெரியவள் திரையில் இருந்ததையெல்லாம் மூடினாள்.

புதன்கிழமை அவளுக்குச் சொல்லிவிட நாலு தடவை வாய்ப்பு வந்தது. லிஃப்டில் ஒருமுறை; இரண்டு பேர்தான், மூன்று மாடி. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் ஒருமுறை. மற்ற இரண்டையும் அவள் எண்ணாமல் விட்டிருக்கலாம், ஆனால் எண்ணினாள். பூதக்கண்ணாடி தளம் முழுவதையும் தடவிப் பார்த்துவிட்டு, பழசு ஒரு பிக்சல் நகரலை, தங்கச்சி மாத்தினது எல்லாம் மாறியிருக்கு என்று சான்றிதழ் கொடுத்தார். சின்னவள் மாற்றியிருந்தவை தலைப்புகளும் டாக்டர்களின் படப் பெட்டிகளும். அவற்றில் பெரியவள் அந்தச் சொல்லை என்றைக்கும் எழுத நேர்ந்ததில்லை. அவசரமெல்லாம் வந்தது படிவங்களில்தான்.

படிவத்தில் யாரும் கை வைக்கச் சொல்லாமலும் போகலாம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொண்டபோது, கை வைக்கச் சொல்ல வேண்டுமே என்று மனம் ஆசைப்பட்டதும் அவளுக்குத் தெரிந்தது.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு மருத்துவமனையிலிருந்து நிர்வாகி அம்மாவும் உதவியாளர் ஒருவரும் வந்தார்கள். நிர்வாகி அம்மா கண்ணாடியைக் கயிற்றில் மாட்டியிருந்தார். கூட்ட அறையில் பெரிய திரை. சின்னவள் வெளிர்நீலச் சட்டையில் இருந்தாள். அது பெரியவளின் சட்டை. காலையில் கேட்டாள், கொடுத்தாள். சின்னவளுக்குத்தான் அது பொருந்தியது.

தலைப்புகளை மாற்றிக் காட்டினாள். ஒரே வரி, மாறியது. படப் பெட்டிகள். ஒரே வரி, மாறியது. முன்னெல்லாம் இதுக்கு ரெண்டு நாள் ஆகும் மேடம் என்று மேலாளர் இடையில் புகுந்து சொன்னார். அந்த இரண்டு நாட்கள் யாருடையவை என்று பெரியவளுக்குத் தெரியும்.

நிர்வாகி அம்மா கண்ணாடியை மாட்டினார். எல்லாம் சரி, ஒரு தொல்லை இருக்கு என்றார். நேரம் குறிக்கிற படிவத்தில் 'உறுதி செய்', 'ரத்து செய்' இரண்டு பொத்தானும் ஒரே நீலம். வயதானவர்கள் இதற்குப் பதில் அதை அழுத்திவிடுகிறார்கள். போன வாரம் ஒருவர் சக்கர நாற்காலியில் வந்து இறங்குகிறார், அவர் பெயரே பட்டியலில் இல்லை. இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். ரத்து செய்கிறதைச் சிவப்பாக்க எத்தனை நாளாகும்?

"நாளா?" என்றாள் சின்னவள். "இப்பவே மேடம். ஒரே வரி."

பெரியவள் தன் பேனாவை மூடினாள்.

சின்னவள் திருத்தங்கள் அடுக்கில் ஒரு வரி எழுதினாள். ரத்து பொத்தான், சிவப்பு. பக்கத்தைப் புதுப்பித்தாள். நீலம்.

பழையதை ஞாபகம் வைத்திருக்கும் என்று சொல்லி, பிரவுசரின் சேமிப்பைத் துடைத்துவிட்டு மறுபடி புதுப்பித்தாள். நீலம். பொத்தானுக்கு எந்த வரி உடை உடுத்துகிறது என்று காட்டும் பலகையைத் திறந்தாள். அவளுடைய வரியின் மேல் கோடு அடித்திருந்தது. ஜெயித்த வரி அதற்கு மேலே பெரிதாக நின்றது. ஓல்டு கோப்பு, ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டாம் வரி. கடைசியில் இம்பார்ட்டன்ட்.

"ஓ, இதுவா" என்று சிரித்தாள். தன் வரிக்கும் இம்பார்ட்டன்ட் போட்டாள். மேல் அடுக்கு, அதே சொல். ஜெயிக்காமல் எங்கே போகும். நீலம்.

சிரிப்பு பாதியில் நின்றது. வரியை எல்லா அடுக்குக்கும் வெளியே எடுத்து வைத்தாள். நீலம். பிறகு, எதை ஒழித்துவிட்டேன் என்று ஒரு மாதமாகச் சொன்னாளோ அதையே செய்தாள்: வரியை நீட்ட ஆரம்பித்தாள். இன்ன பகுதிக்குள், இன்ன படிவத்துக்குள், இன்ன பெயர் கொண்ட ரத்து பொத்தான். நீலம். உதவியாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சின்னவளின் காது மடல் சிவந்திருந்தது. திரையில் சிவப்பாக ஒன்றும் இல்லை. மேலாளர் தன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் உருட்டிக்கொண்டார்.

அந்த ஒரு சாணைப் பெரியவள் பார்த்தாள். எட்டு மாதமாக அவள் வேண்டியது அதுதான்.

இன்னும் கொஞ்சம் பொறுத்தாள். எவ்வளவு என்று பிறகு நினைத்துப் பார்த்தபோது அளக்க முடியவில்லை. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. பிறகு எழுந்தாள்.

"கொஞ்சம் நகருமா."

சின்னவள் நகர்ந்தாள். நாற்காலி சூடாக இருந்தது. பெரியவள் நேராக ஸ்டைல்ஷீட்டின் முதல் வரிக்குப் போனாள். நாலு பெயர் இருந்தது. ஓல்டுக்கும் முன்னால் ஐந்தாவதாக ஒரு பெயர் சேர்த்தாள். ஆக, எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு புது அடுக்கு. தங்கையின் முதல் குட்டி வரியை எடுத்து அதற்குள் வைத்தாள், இம்பார்ட்டன்ட்டோடு. புதுப்பித்தாள்.

ரத்து பொத்தான் சிவப்பானது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நிர்வாகி அம்மா, அப்பாடா என்றார். மேலாளர், அனுபவம்னா இதுதான் மேடம் என்றார். ஒன்பது வருஷம் நம்மளோட இருக்காங்க என்றும் சேர்த்துக்கொண்டார். இந்த முறை 'நம்ம'வில் அவள் இருந்தாள். இம்பார்ட்டன்ட் என்றால் அடுக்கு வரிசை புரளும், அதான் அடியில வைக்கணும் என்று பெரியவள் இரண்டு வாக்கியத்தில் விளக்கினாள். அந்தச் சொல்லைப் பழைய கோப்பிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும், மொத்தமாக எடுத்தால் பழைய வரிகள் தங்களுக்குள் அடித்துக்கொள்ளும், எது எதற்காக வந்தது என்று எனக்குத் தெரியும் என்றாள். எங்க கிளைகளையும் இவங்களே பாக்கட்டும் என்றார் நிர்வாகி அம்மா, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு.

லிஃப்ட் வாசலில் அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பியபோதே மேலாளர் சொல்லிவிட்டார். குழுவுக்குத் தலைமை நீங்க. கடிதம் திங்கட்கிழமை வரும். அவர் கை நீட்டினார். அவள் குலுக்கினாள். சட்டை இஸ்திரி போட்டதுதான்.

சந்தோஷம் வரும் என்று தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள். வரவில்லை. சின்னவள் பெண்கள் கழிப்பறைக்குப் போய் இருபது நிமிடமாகிவிட்டது. வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள், இமையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது. நேராக அக்காவிடம் வந்தாள். எல்லாரும் பார்க்கும்படி கட்டிக்கொண்டாள்.

"நீ இல்லேன்னா இன்னிக்கு நான் காலி. உனக்குத்தான்க்கா வரணும் அந்தப் போஸ்ட்."

மனதாரச் சொன்னாள். பூதக்கண்ணாடி கைதட்டினார், கூட நாலு பேர். அவர்கள் தட்டியது தோற்றவளுக்கு. தலைமை கிடைத்த பிறகும் பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இப்படிக் கட்டிக்கொள்ளத் தன்னால் முடிந்திருக்காது. இவளுக்கு எப்படி முடிகிறது என்று எரிந்தது.

"ஆனா எப்படிக்கா?" என்றாள் சின்னவள், தோளிலிருந்து தலையை எடுத்து. "நான் மேலயே தேடிட்டிருந்தேன். நீ வந்ததும் நேரா கீழ போனியே. ஒரு தடவைகூட தடுமாறலையே."

"தோணுச்சு" என்றாள் பெரியவள்.

மாலையில் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். அம்மாவிடம் சின்னவள்தான் சேதி சொன்னாள். நடந்ததைத் தன்னையே கிண்டல் செய்து நடித்துக் காட்டினாள்: நீலம், மறுபடி நீலம், சாரோட மூஞ்சி, மறுபடி நீலம். அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பிறகு பெரியவளின் தலையைத் தடவி, எம் பொண்ணு என்றாள். இத்தனை வருடத்தில் வேறெந்த நாளிலும் அது போதுமானதாக இருந்திருக்கும்.

பெரியவள் சமையலறைக்குப் போய் அரிசி களைந்தாள். கூடத்தில் மிஷின் ஓடியது. சின்னவள் கணினி முன்னால் உட்கார்ந்துகொண்டாள். விட்டுவிடக் கூடாது, இந்தத் தலைகீழ் விதி தனக்குக் கையில் படிய வேண்டும், குட்டியாக ஒரு பக்கம் எழுதிப் பார்க்கிறேன் என்றாள். இரண்டு லேயர், ஒரு பெட்டி போதும் என்றாள்.

பெரியவளின் கை தண்ணீரில் நின்றது.

சின்னவள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினாள். கீழ சிவப்பு, இம்பார்ட்டன்ட். மேல பச்சை. சேமிக்கப் போனாள். 'டெஸ்ட்' என்று பெயர் கொடுத்தாள். அவர்கள் தொழிலில் யாருமே வேறு பெயர் கொடுப்பதில்லை. அதே பெயரில் ஏற்கெனவே ஒரு கோப்பு இருக்கிறது, அழித்து எழுதவா என்று கணினி கேட்டது.

"அக்கா, டெஸ்ட்னு ஒண்ணு வெச்சிருக்கியா? மேல எழுதிடலாமா?"

எழுதிடு என்று சொல்ல ஒரு நொடி போதும். பெரியவள் வாயைத் திறந்தாள். அம்மா மிஷினை மிதித்தாள், சத்தம் அதன் மேல் ஏறிக்கொண்டது. மிஷின் நின்றபோது சின்னவள் கோப்பைத் திறந்துவிட்டிருந்தாள்.

பெரியவள் ஈரக் கையோடு சமையலறை வாசலுக்கு வந்தாள். அங்கிருந்தே திரை தெரிந்தது. ஒரு பெட்டி. சிவப்பு. அதற்குப் பக்கத்தில் அவள் எழுதிய வரிகள், அவள் எப்போதும் விடுகிற அளவு இடம் விட்டு. இரண்டு அடுக்கு. அடியில் இருப்பதன் பெயர் ஓல்டு.

சின்னவள் அதைப் படித்தாள். சிறுவயதிலிருந்தே அவள் படிக்கும்போது உதடு அசையும். இப்போது அசையவில்லை. கோப்பின் விவரத்தைத் திறந்தாள். எப்போது சேமித்தது என்று அதில் இருக்கும். பிறகு தன் கைப்பேசியை எடுத்து, செவ்வாய்க்கிழமை வந்த ஒப்புதலின் நேரத்தைத் தேடினாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"என்னடீ, பேச்சையே காணோம்?" என்றாள் அம்மா, ஊசியில் நூல் கோத்துக்கொண்டு.

பெரியவளின் விரல் நுனியிலிருந்து அரிசித் தண்ணீர் தரையில் சொட்டியது. சின்னவள் திரும்பினாள். கோபம் எதுவும் முகத்தில் இல்லை. கணக்குப் புரியாத பிள்ளை மாதிரி இருந்தாள்.

"அக்கா, அன்னிக்கு நான் உன் கழுத்தைக் கட்டிக்கிட்டப்ப, இது திறந்துதான் இருந்துதா?"